ஸ்னாக் லிஸ்ட்: எந்த இடம், யார் வேலை, நிஜமாகவே முடிந்ததா?

புது ஃபிளாட்டுக்குச் சாவி வாங்கப் போகிறவர்களிடம் "ஸ்னாக் லிஸ்ட் போட்டாச்சா?" என்று கேட்டால், பலரும் போனை எடுத்துக் காட்டுவார்கள். சுவரில் கறை, ஓரம் உடைந்த டைல், சரியாக மூடாத கதவு என்று வரிசையாகப் போட்டோக்கள் இருக்கும். அத்தனையும் பில்டரின் ஆளுக்கு வாட்ஸ்அப்பில் போயிருக்கும். "பார்த்துடலாம் சார்" என்று பதிலும் வந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து எந்தப் போட்டோ எந்த அறையில் எடுத்தது என்பது அனுப்பியவருக்கே மறந்துவிடும்.

அது புகார். ஸ்னாக் லிஸ்ட் வேறு. கட்டட வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில், இன்னும் செய்யாமல் கிடக்கும் சின்ன வேலைகளையும் சரியாகச் செய்யாத வேலைகளையும் ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதுவதுதான் ஸ்னாக் லிஸ்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். குறை எந்த இடத்தில் இருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியது எந்தத் தொழில்காரர், இப்போது வேலை எந்த நிலையில் இருக்கிறது. இதில் ஒன்று விடுபட்டாலும் பட்டியல் வேலை செய்யாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வண்டியை சர்வீசுக்கு விடும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் மெக்கானிக் தன் மனதுக்குப் பட்டதைச் செய்து அனுப்புவார். "பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்தில் சத்தம்" என்று ஜாப் கார்டில் எழுதினால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரியும். அப்புறம், "சரி பண்ணியாச்சு" என்று அவர் சொன்னாலும், நாம் ஒருமுறை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்துத்தான் வண்டியை எடுப்போம். ஸ்னாக் லிஸ்டும் அதுவேதான். ஒரே ஒரு வித்தியாசம், வீட்டு வேலையில் ஒரு மெக்கானிக் இல்லை. கொத்தனார், டைல்ஸ் மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பெண்டர், பெயின்டர் என்று பலர். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எதை இதில் எழுதக்கூடாது

கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. மின் இணைப்பு வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் ஸ்னாக் அல்ல. அந்தக் கட்டடம் இன்னும் குடியேறும் நிலைக்கே வரவில்லை என்று அர்த்தம். அதை நூறு சின்னக் குறைகளுக்கு நடுவே ஒரு வரியாக எழுதினால், அதுவும் சின்ன விஷயமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

தூண், பீம், ஸ்லாப் ஆகியவற்றில் விரிசல் இருந்தால் அதற்கும் தனிக் கடிதம். பூச்சில் மயிரிழை போல ஓடும் கோடும், பீமில் குறுக்கே ஓடும் விரிசலும் ஒன்றல்ல. இரண்டாவதை பெயின்டரோ கொத்தனாரோ பூசி மறைப்பதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தாக வேண்டும். அதேபோல, "இங்கே இன்னொரு பிளக் பாயின்ட் இருந்தால் நல்லது" என்பது கூடுதல் வேலை. ஒப்பந்தத்தில் இல்லாததை ஸ்னாக் லிஸ்டில் எழுதினால், அதைக் காட்டியே மற்றவற்றையும் தள்ளிப்போட பில்டருக்கு வசதியாகிவிடும்.

சுருக்கமாக: ஒப்புக்கொண்ட வேலை, கிட்டத்தட்ட முடிந்திருக்கிறது, ஆனால் முழுதாகவோ ஒழுங்காகவோ முடியவில்லை. இந்த வகைதான் பட்டியலுக்குள் வரும்.

இடம்: வேலைக்காரர் தனியாகப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும்

இடத்தை எழுதுவதற்கு ஒரே அளவுகோல் போதும். பட்டியலை எழுதியவர் கூட இல்லாமல், இதுவரை அந்த வீட்டுக்கே வராத ஒருவர், அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு குறைக்கு முன்னால் போய் நிற்க முடிய வேண்டும். "பெட்ரூம் சுவரில் பெயின்ட் சரியில்லை" என்றால் எந்த பெட்ரூம், நாலு சுவரில் எது, எந்த உயரத்தில் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்காரர் வருவார், கண்ணில் பட்ட ஒரு இடத்தைத் தொட்டுவிட்டுப் போவார், நாம் சொன்ன இடம் அப்படியே இருக்கும்.

சுவர்களுக்கு எண் கொடுப்பது எளிய வழி. அறைக்கான கதவு வழியாக உள்ளே நுழைகிறீர்கள். கதவு இருக்கும் சுவர் 1. அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் 2, 3, 4. எல்லா அறைக்கும் இதே விதி. தரைக்கும் கூரைக்கும் எண் வேண்டாம், பெயரையே எழுதலாம். அப்புறம் உயரம், ஓரத்திலிருந்து தூரம். இப்படி ஒரு வரி வரும்:

"17. 3-ஆம் மாடி, ஃபிளாட் 12, படுக்கையறை 2, சுவர் 3, இடது ஓரத்திலிருந்து 80 செ.மீ., ஸ்கர்ட்டிங்கிலிருந்து 20 செ.மீ. உயரம் வரை பெயின்ட் உப்பியிருக்கிறது, அகலம் சுமார் 60 செ.மீ."

அதே 17 என்ற எண்ணை ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் எழுதி அந்த இடத்திலேயே ஒட்டிவிட வேண்டும். போட்டோ எடுத்தால் இரண்டு எடுக்க வேண்டும்: அறை தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, டேப்பில் உள்ள எண் தெரியும்படி கிட்டத்திலிருந்து ஒன்று. கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால், வெள்ளைச் சுவரில் ஒரு வெள்ளைக் கொப்புளம் என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வரி பார்த்ததை மட்டும் சொல்கிறது. "உப்பியிருக்கிறது" என்று இருக்கிறது. "மோசமான பெயின்ட்" என்று இல்லை. காரணத்தை இந்த இடத்தில் எழுதிவிட்டால் அடுத்த கட்டம் தப்பாகிவிடும்.

யார் வேலை: குறை தெரியும் இடம் ஒன்று, வரும் இடம் வேறு

இந்த 17-ஆம் எண்ணையே எடுத்துக்கொள்வோம். சைட் சூப்பர்வைசர் சுவரைப் பார்க்கிறார், பெயின்ட் உப்பியிருக்கிறது, "பெயின்டர்" என்று எழுதுகிறார். பெயின்டர் வந்து சுரண்டி, பட்டி போட்டு, தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போகிறார். சுவர் பளிச்சென்று இருக்கிறது. மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம். திரும்ப பெயின்டரைக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டால் அவர் வரமாட்டார், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவர் கைக்காசும் ஒரு நாள் கூலியும் போகிறது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இந்தச் சுவரின் மறுபக்கம் பாத்ரூம். உள்ளே ஓதம் இறங்குகிறது. பெயின்ட் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஓதம் மூன்று வழியில் வந்திருக்கலாம். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் கசியலாம். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு கசியலாம். இந்த இரண்டும் பிளம்பர் வேலை. அல்லது டைலுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு, அதாவது வாட்டர்ப்ரூஃபிங், தரையும் சுவரும் சேரும் மூலையில் விட்டுப்போயிருக்கலாம். அது வேறு ஆள். எது என்று ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பார்க்க முடியும்.

முதலில் ஓதத்தின் விளிம்பைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். பிறகு தண்ணீர்க் குழாய். எல்லா வாய்களையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் குழாய் கசிகிறது. நம் உதாரணத்தில் முள் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது தரை. தண்ணீர் வெளியேறும் தரை வடிகாலின் வாயை இறுக்கமாக அடைத்து, வாசலில் சிமென்ட்டாலோ களிமண்ணாலோ சின்ன வரப்பு கட்டி, மேடான இடத்திலும் குறைந்தது 25 மி.மீ. நிற்கும்படி தண்ணீர் தேக்க வேண்டும். 48 மணி நேரம் அப்படியே விடலாம். வடிகாலை அடைத்திருப்பதால் கழிவுக்குழாய் வழியாகத் தண்ணீர் போக வாய்ப்பில்லை. ஆக, இப்போது ஓதம் கூடினால் அது தரையிலிருந்துதான். தேக்கிய தண்ணீர் கொஞ்சம் குறைந்ததை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ஆவியாகவும் குறையும், அடைப்பு சரியில்லை என்றாலும் குறையும். சுவரையும், கீழ் வீட்டுப் பாத்ரூம் கூரையையும் பார்ப்பதுதான் சோதனை. இரண்டாம் நாள் நம் சுவரில் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. சரி, பதில் கிடைத்துவிட்டது. ஒருவேளை சுவர் அப்படியே இருந்திருந்தால், அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கழிவுக்குழாயில் ஓடவிட்டு மிச்சமுள்ள அந்த வழியைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது 17-ஆம் எண்ணுக்கு எதிரே "வாட்டர்ப்ரூஃபிங்" என்று வரும். ஆனால் அந்த ஆள் தனியாக எதுவும் செய்ய முடியாது. அந்தச் சுவர் ஓரத்து டைல்களை டைல்ஸ் மேஸ்திரி உடைத்து எடுக்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சை மூலையைச் சுற்றிக் கொண்டுபோய், சுவரில் ஒரு அடியாவது ஏற்றிப் பூச வேண்டும். டைல் பதிப்பதற்கு முன்பே இன்னொருமுறை தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும், பதித்த பிறகு தப்பு தெரிந்தால் திரும்பவும் உடைக்க வேண்டியிருக்கும். அதன்பின் டைல், டைல் இடுக்குகளை நிரப்பும் க்ரௌட். படுக்கையறைச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, கடைசி ஆளாக பெயின்டர்.

ஆகவே பட்டியலில் 17 என்பது 17-1, 17-2, 17-3, 17-4 என்று பிரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தொழில்காரர், முந்தையது மூடிய பிறகே அடுத்தது. "பிளம்பர் / டைல்ஸ் / பெயின்டர்" என்று மூன்று பேரையும் ஒரே வரியில் எழுதுவதைச் சைட்டில் அடிக்கடி பார்க்கலாம். அப்படி எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் வந்த பிறகு வரலாம் என்று இருப்பார்கள்.

இந்த இரண்டாவது கட்டம் பணத்தோடும் சம்பந்தப்பட்டது. பில்டரிடமிருந்து உள்குத்தகைக்கு வேலை எடுத்தவர்களுக்குத் தனித்தனி பில். டைல் உடைத்துப் பதித்த செலவு யார் கணக்கில் போகும் என்பதை இந்த வரிதான் தீர்மானிக்கும். பெயரைத் தப்பாகப் போட்டால் வேலை தாமதமாவது மட்டுமல்ல, செய்யாத தவறுக்கு ஒருவரின் கூலியும் பிடிபடும்.

வீடு வாங்குகிறவர் இதில் குழம்ப வேண்டியதில்லை. உங்களுக்குப் பொறுப்பு பில்டர் ஒருவரே. "பிளம்பர் வரவில்லை" என்பது அவர் பிரச்சினை. ஆனால் தொழில்காரர் பகுதியை சைட் இன்ஜினியர் உங்கள் முன்னால் நிரப்பும்படி கேளுங்கள். ஓதத்துக்கு எதிரே "பெயின்டர்" என்று அவர் எழுதினால், சோதனை எதுவும் நடக்கப்போவதில்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

சுருக்கமாக: இடம் என்பது குறை தெரியும் இடம். தொழில்காரர் என்பது குறை எங்கிருந்து வருகிறதோ அதற்கு உரியவர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிலை: "முடிஞ்சிடுச்சு" என்பது பாதி வழி

நிலையைக் குறிக்க நான்கு சொற்கள் போதும். எழுதியதும் "திறந்தது". வேலைக்காரர் தன் வேலையைச் செய்துவிட்டதாகச் சொன்னால் "பார்வைக்குத் தயார்". வேறு ஒருவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டால் "மூடியது". ஒப்புக்கொள்ளாவிட்டால், அல்லது மூடிய குறை திரும்ப வந்தால், "மறுபடி திறந்தது". ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி.

இதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இரண்டாவதும் மூன்றாவதும். பல பட்டியல்களில் இவை இரண்டும் "முடிந்தது" என்று ஒன்றாகவே இருக்கும். பெயின்டர் முதல்முறை அடித்துவிட்டுப் போனபோது 17-ஆம் எண்ணும் "முடிந்தது" என்றுதான் ஆகியிருக்கும். வேலை செய்தவரே அதை மூடவும் கூடாது, போட்டோவைப் பார்த்து மூடவும் கூடாது. குறையை எந்தச் சோதனையில் கண்டுபிடித்தோமோ அதே சோதனையைத் திரும்பச் செய்துதான் மூட வேண்டும். தட்டிப் பார்த்து 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்ததால் எழுதிய டைல் என்றால் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்குகிறது என்று எழுதிய பால்கனி என்றால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் வடிகாலை நோக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக மீட்டருக்கு 1 செ.மீ. அளவு சரிவு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். ரசமட்டம் வைத்தும் இதைப் பார்க்கலாம்.

திரும்ப வந்த குறைக்குப் புது எண் கொடுக்கக்கூடாது. 17-ஐ மூடிவிட்டு அதே ஓதத்தை 63 என்று எழுதினால், அது இரண்டு முறை பெயின்ட் அடித்து மறைத்த இடம் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். பழைய எண்ணிலேயே மறுபடி திறந்தால், இரண்டாவது தேதியைப் பார்க்கும் எவருக்கும் காரணத்தைத் தேட வேண்டும் என்று தோன்றும்.

எண்ணிக்கையை வைத்துச் சதவீதம் சொல்வதையும் நம்பிவிட வேண்டாம். 60 குறையில் 54 மூடியாகிவிட்டது என்றால் 90 சதவீதம் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மூடியவை எல்லாம் பெயின்ட் கறை, தளர்ந்த ஸ்குரூ, ஸ்விட்ச் போர்டு மூடி போன்றவையாக இருக்கும். சுலபமானதுதான் முதலில் முடியும். மிச்சமுள்ள 6-இல் பாத்ரூம் தரை இருந்தால், மீதி வேலை வாரக்கணக்கில் இருக்கிறது.

ஒரு குறையைச் சரிசெய்யும்போது பக்கத்தில் இன்னொன்று உருவாவதும் சகஜம். டைல் உடைத்த இடத்தில் கதவு நிலையில் கீறல் விழும். க்ரௌட் கலந்த தண்ணீரை வடிகாலில் ஊற்றி, அது உள்ளே இறுகிக்கொள்ளும். அதனால் மூடப் போகும்போது அந்த எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த அறையையே ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

எப்போது பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், தண்ணீரும் மின்சாரமும் வந்த பிறகு. இரண்டும் இல்லாமல் பார்த்தால் குழாய், ஃப்ளஷ், பிளக் பாயின்ட் எதையும் சோதிக்க முடியாது. சுவரின் மேடு பள்ளத்தை நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழுந்து தெரிந்துவிடும். கடைசி கோட் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை பட்டியல் போட்டுவிடுவது நல்லது. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சுவரை உடைக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகு பெயின்ட் அடித்தால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியாது.

சாவி வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

சாவி தரும்போது, வீட்டைப் பார்த்துத் திருப்தியோடு ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பட்டியலில் திறந்திருக்கும் எண்கள் இருந்தால், "இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் உள்ளவை நீங்கலாக" என்று அதில் எழுதி, பட்டியலிலும் இரு தரப்பும் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகலை மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

பதிவு பெற்ற திட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் கூடுதல் பணம் கேட்காமல் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். இது இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். ஓதம், கழன்று வரும் டைல் போன்றவை பிறகு தெரிந்தாலும் வேலையின் குறை என்று காட்ட முடியும். கீறல் விழுந்த கண்ணாடி, ஓரம் உடைந்த வாஷ்பேசின், நசுங்கிய கதவு ஆகியவற்றை நீங்கள் குடியேறும்போது இடித்துவிட்டீர்கள் என்று சொன்னால் மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. இவற்றைச் சாவி வாங்குவதற்கு முன்பே பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டும்.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு உண்மையான பிடி, பிடித்து வைத்திருக்கும் பணம். பெரிய ஒப்பந்தங்களில் பில் தொகையில் 5 சதவீதம் போல நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் ஒரு பகுதியையும், குறைகளைத் திருத்திக் கொடுக்க ஒப்புக்கொண்ட காலம் முடிந்ததும் மீதியையும் விடுவிப்பது வழக்கம். சின்ன வீட்டுக்கும் இதையே முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். கடைசித் தவணையை "வேலை முடிந்ததும்" என்று எழுதாமல், "பட்டியலில் உள்ள எல்லா எண்ணும் மூடியதும்" என்று எழுதினால் பின்னால் வாக்குவாதம் குறையும்.

சாவி வாங்கியதோடு பட்டியலை மூடிவைத்துவிடவும் வேண்டாம். சென்னையில் ஏப்ரலில் வாங்கிய வீட்டில் ஜன்னல் ஒழுகுமா என்று ஏப்ரலில் தெரியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து, காற்றோடு சாரல் அடிக்கும்போதுதான் தெரியும். அப்போது அதே பட்டியலில் அடுத்த எண்ணைப் போட்டு எழுதுங்கள்: எந்த அறை, எந்தச் சுவர், ஜன்னலின் எந்த மூலை. தொழில்காரரை எழுதுவதற்கு முன் மழை விட்ட ஒரு நாளில் வெளிப்பக்கம் ஹோஸ் வைத்து, முதலில் ஜன்னலின் கீழ்த் திண்டில், அப்புறம் சட்டத்தின் பக்கங்களில், கடைசியாக மேலே என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். திண்டில் விட்டபோதே உள்ளே வந்தால் வாட்டம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது திண்டும் சட்டமும் சேரும் இடம் திறந்திருக்கிறது. ரசமட்டம் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். வாட்டம் தப்பு என்றால் கொத்தனார். சட்டத்தைச் சுற்றியுள்ள சிலிகான் விட்டுப்போயிருந்தால் ஜன்னல் பொருத்தியவர்.